பதினான்கு ஆண்டுகள் முடிந்தும் விடுதலை இல்லையே: ஆயுள் தண்டனையின் கணக்கு என்ன?

2025 பிப்ரவரி 9, கேள்வி கேட்டவர்

என் அண்ணன் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று மத்தியச் சிறையில் இருக்கிறார். 2009 ஏப்ரல் 6 அன்று கைதானார். அன்றிலிருந்து எண்ணினால் 2023 ஏப்ரலிலேயே பதினான்கு ஆண்டுகள் முடிந்துவிட்டன. சிறையில் கேட்டால் "இன்னும் முடியவில்லை" என்கிறார்கள். பகலும் இரவும் தனித்தனி நாளாகக் கணக்காகும், அதனால் ஏழு ஆண்டுகளில் விட்டிருக்க வேண்டும் என்கிறார் எங்கள் உறவினர் ஒருவர். சட்டப்புத்தகத்தில் இருபது ஆண்டுகள் என்று இருப்பதாகச் சொல்கிறார் இன்னொருவர். எது சரி? தண்டனைக் காலத்தைக் கணக்கிடத் தெரிந்தவர்கள் யாரேனும் விளக்க வேண்டுகிறேன்.

2025 பிப்ரவரி 9, வழக்குரைஞர்

சிறைச் சட்ட உதவிப் பணிக்காகக் கைதிகளைச் சந்திக்கச் செல்லும்போது என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். முதலில் பகல், இரவுக் கணக்கை விட்டுவிடுங்கள். அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. இருபத்து நான்கு மணி நேரம் சேர்ந்தது ஒரு நாள். சிறைக்கும் அதே கணக்குத்தான்.

ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முடியும் வரை. 1961இல், காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் விநாயக் கோட்சே தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நன்னடத்தைக்காகவும் வேலைக்காகவும் சிறையில் சேர்த்த தண்டனைக் குறைப்பான ரெமிஷன் நாள்களையும் கூட்டினால் இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது, எனவே தன்னை விட்டுவிட வேண்டும் என்று அவர் கோரினார். ரெமிஷன் எவ்வளவு சேர்ந்தாலும் உரிய அரசு ஆணை பிறப்பிக்காமல் ஆயுள் கைதி தானாக வெளியே வர முடியாது என்று கூறி நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. பின்னர் 1964இல் அவர் விடுதலையானார்.

அப்படியானால் பதினான்கு என்பது எங்கிருந்து வந்தது? அது விடுதலைக்கான நாள் அன்று. அதற்கு முன்னால் அரசு விடுவிக்கக் கூடாது என்று சட்டம் போட்ட தடை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1978 டிசம்பர் 18 முதல் நடைமுறைக்கு வந்த 433ஏ பிரிவு இதைச் சொன்னது. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 475ஆம் பிரிவாக இருக்கிறது. மரண தண்டனையும் விதிக்கப்படக்கூடிய ஒரு குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர், பதினான்கு ஆண்டுகளாவது உண்மையாகவே சிறையில் கழித்திருக்க வேண்டும். அந்த நாள் வந்த பிறகுதான் அவரது கோரிக்கை பரிசீலனைக்கு வரும். பரிசீலிக்கப்படுவது உரிமை, விடுதலை உரிமை அன்று.

உங்கள் அண்ணன் நடுவில் ஜாமீனில் வெளியே இருந்தாரா? தீர்ப்பு எந்தத் தேதியில் வந்தது? பரோல் எத்தனை முறை கிடைத்தது? தேதிகளைத் தாருங்கள், கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2025 பிப்ரவரி 10, சட்ட மாணவர்

ஐயா, தேர்வுக் கேள்வி ஒன்றில் "ஆயுள் தண்டனை என்பது எத்தனை ஆண்டுகள்?" என்று கேட்டு, இருபது என்பதையே சரியான விடையாகக் கொடுத்திருந்தார்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் 57ஆம் பிரிவும் இருபது ஆண்டுகளுக்குச் சமமாகக் கொள்ள வேண்டும் என்றுதான் சொல்கிறது. எனவே இருபது என்று சொன்ன உறவினர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

2025 பிப்ரவரி 10, வழக்குரைஞர்

பிரிவைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள், ஆனால் அதன் முதல் சில சொற்களை விட்டுவிட்டீர்கள். தண்டனைக் காலத்தின் பின்னங்களைக் கணக்கிடும்போது மட்டும்தான் ஆயுள் தண்டனை இருபது ஆண்டுகளுக்குச் சமம். ஆயுள் தண்டனைக்குரிய ஒரு குற்றத்தைச் செய்ய ஒருவர் முயன்று, அந்த முயற்சிக்குத் தனித் தண்டனை எங்கும் சொல்லப்படாமல் இருந்தால், 511ஆம் பிரிவின்படி அதில் பாதி வரை தண்டிக்கலாம். ஒருவருடைய ஆயுளில் பாதி எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இருபது என்று வைத்துக்கொண்டு பத்து என்று சொல்கிறார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 6ஆம் பிரிவும் இதே நோக்கத்துக்குத்தான். தேர்வில் கேள்வி "பின்னங்களைக் கணக்கிட" என்ற சொற்களோடு வந்தால் இருபது என்று எழுதுங்கள். அந்தச் சொற்கள் இல்லாமல் வந்தால் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் என்று எழுதுங்கள்.

தண்டனை வகைகளையும் இந்த இடத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மரணம், ஆயுள் சிறை, கடுங்காவலும் வெறுங்காவலுமாக இருவகைச் சிறை, சொத்துப் பறிமுதல், அபராதம் ஆகியவை பழைய சட்டத்தில் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் சமூக சேவையும் ஒரு தண்டனையாகச் சேர்ந்திருக்கிறது. அது சில சிறு குற்றங்களுக்கு மட்டும்தான். ஆயுள் சிறை என்பது இவற்றில் தனியான ஒரு வகை. நீண்ட கால அளவுகொண்ட சாதாரணச் சிறைத்தண்டனையாக அதை நினைப்பதால்தான் "எத்தனை ஆண்டுகள்" என்ற கேள்வியே எழுகிறது.

2025 பிப்ரவரி 12, கேள்வி கேட்டவர்

விவரங்களைத் தருகிறேன், ஐயா. கைது 2009 ஏப்ரல் 6. ஜாமீனில் வந்தது 2009 டிசம்பர் 6. செஷன்ஸ் நீதிமன்றத் தீர்ப்பு 2011 ஆகஸ்ட் 10. அன்றே சிறைக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள். கொலைக்கு ஆயுள் தண்டனையும் 5,000 ரூபாய் அபராதமும், கட்டத் தவறினால் ஆறு மாதம். கொலை முயற்சிக்கு ஏழு ஆண்டுகள். இரண்டையும் ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும் என்று தீர்ப்பில் இருக்கிறது. உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்துவிட்டது. மேல்முறையீட்டின்போது ஜாமீன் கிடைக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் விடுப்பில் வந்த நாள்களையெல்லாம் சேர்த்தால் சுமார் ஐந்து மாதம் வரும். ரெமிஷன் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்திருப்பதாக அண்ணன் சொல்கிறார். அபராதம் கட்டினோமா என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

2025 பிப்ரவரி 12, வழக்குரைஞர்

கணக்கைப் படிப்படியாகப் போடுகிறேன். நீங்கள் கைதான நாளிலிருந்து இடைவெளியில்லாமல் எண்ணியிருக்கிறீர்கள். ஜாமீனில் வீட்டில் இருந்த இருபது மாதங்களும் சில நாள்களும் சிறைவாசம் ஆகாது. எனவே தீர்ப்பு நாளிலிருந்து தொடங்குவோம்.

2011 ஆகஸ்ட் 10இலிருந்து பதினான்கு ஆண்டுகள் என்றால் 2025 ஆகஸ்ட் 10. விசாரணைக் கைதியாக இருந்த எட்டு மாதங்களைக் கழித்துக்கொள்ளலாம். அப்போது 2024 டிசம்பர் 10க்கு வந்துவிடுகிறோம். விடுப்பில் வெளியே இருந்த ஐந்து மாதங்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும். 2025 மே 10 என்று வருகிறது. ஆக, சிறையில் "இன்னும் முடியவில்லை" என்று சொன்னது சரிதான். நாள் தொலைவில் இல்லை.

மூன்று ஆண்டு ரெமிஷன் இந்தப் பதினான்கைத் தொடாது. உண்மைச் சிறைவாசம் என்று சட்டம் சொல்வதன் பொருளே அதுதான். கொலை முயற்சிக்கான ஏழு ஆண்டுகள் ஏககாலத்தில் ஓடியதால் எப்போதோ முடிந்துவிட்டன.

அபராதத்தை அலட்சியமாக விடாதீர்கள். கட்டாத அபராதத்துக்கான ஆறு மாதம் ஆயுள் தண்டனையோடு சேர்ந்து ஓடாது, தனியாக நிற்கும். விடுதலை ஆணை வந்த பிறகும் இதற்காகவே உள்ளே இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொகையைக் கட்டினால் அந்தச் சிறைவாசம் அத்தோடு முடிந்துவிடும். கட்டிய ரசீது இல்லையென்றால் தண்டித்த நீதிமன்றத்தின் பதிவேட்டில் கேளுங்கள்.

2025 பிப்ரவரி 13, சட்ட மாணவர்

ஒரு சந்தேகம், ஐயா. விசாரணைக் காலத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்லும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428ஆம் பிரிவு, குறிப்பிட்ட கால அளவுள்ள சிறைத்தண்டனையைப் பற்றித்தானே பேசுகிறது? ஆயுளுக்குக் கால அளவே இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். அப்படியிருக்க எட்டு மாதத்தை எதிலிருந்து கழிப்பது?

2025 பிப்ரவரி 13, வழக்குரைஞர்

நல்ல கேள்வி. இதே காரணத்தைச் சொல்லி ஆயுள் கைதிகளுக்கு அந்தச் சலுகையை மறுத்த காலமும் உண்டு. 1985இல் பகீரத் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆயுள் கைதிக்கும் அது உண்டு என்றது. அரசு தண்டனையைக் குறைக்க முன்வரும்போதுதான் அந்தக் கழிவுக்குப் பயன் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னது. நடைமுறையில் பதினான்கு ஆண்டுகளைக் கணக்கிடும்போது விசாரணைக் காலத்தையும் சேர்த்துத்தான் சிறைகள் பட்டியல் தயாரிக்கின்றன. உங்கள் பிரிவு எண்ணைப் புதிய சட்டத்தில் தேடினால் 468 என்று இருக்கும்.

2025 பிப்ரவரி 15, ஓய்வுபெற்ற சிறை அலுவலர்

வழக்குரைஞர் விடுப்பு நாள்களை மொத்தமாகக் கழித்துவிட்டார். நான் பணியில் இருந்தபோது எல்லா விடுப்பையும் ஒரே மாதிரி எழுதியதில்லை. தமிழ்நாட்டில் விடுப்பு என்பது தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின் கீழ் வருவது. தண்டனை நின்றிருக்கும் நாள் தண்டனை நாளாக எண்ணப்படாது என்பது சரி. ஆனால் தாயின் இறுதிச் சடங்குக்கு வழிக்காவலோடு அழைத்துச் சென்று அன்றே திருப்பிக் கொண்டுவந்தால், அந்தக் கைதி எந்த நேரத்திலும் காவலை விட்டுப் போகவில்லை. அதையும் விடுப்பு என்று எழுதிக் கழித்திருந்தால் அது தவறு. அவரைப் பற்றிய சிறைப் பதிவேடான ஹிஸ்டரி டிக்கெட்டைப் பார்க்காமல் ஐந்து மாதம் என்று முடிவு செய்யக் கூடாது.

2025 பிப்ரவரி 15, வழக்குரைஞர்

ஐயா சொல்வது முக்கியமான திருத்தம். விடுப்பு நாள்கள் உண்மைச் சிறைவாசத்தில் சேராது என்று 2023 ஜனவரியில் கோவா மாநிலக் கைதிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மனத்தில் வைத்து நான் கணக்குப் போட்டேன். பரோலையும் சேர்த்து எண்ணினால், செல்வாக்குள்ள கைதி பலமுறை வெளியே வந்து பதினான்கு ஆண்டு என்ற தடையையே பொருளற்றதாக்கிவிடுவார் என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். வழிக்காவலோடு போன நாளுக்கு அந்தக் காரணம் பொருந்தாது என்றே எனக்கும் தோன்றுகிறது. அம்மா, ஹிஸ்டரி டிக்கெட்டில் ஒவ்வொரு விடுப்பும் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று அண்ணனிடம் கேளுங்கள். சில நாள்கள் முன்னால் வரக்கூடும்.

2025 பிப்ரவரி 16, வேறொரு வாசகர்

இவ்வளவு கணக்கு எதற்கு? 2018இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி பத்து ஆண்டுகள் முடித்த ஆயுள் கைதிகளை மாநில அரசு விடுவித்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அப்படித்தான் வந்தார். பதினான்கு ஆண்டு விதி ஏட்டில் மட்டும்தான் இருக்கிறது. அரசு நினைத்தால் நாளையே விடலாம்.

2025 பிப்ரவரி 16, வழக்குரைஞர்

நடந்தது உண்மை, அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு சரியில்லை. அந்த விடுதலை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் நடந்ததன்று. அரசமைப்பின் 161ஆம் பிரிவு ஆளுநருக்குத் தந்திருக்கும் மன்னிப்பு அதிகாரத்தின் கீழ் நடந்தது. அதை அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே பயன்படுத்த வேண்டும். 1980இல் மாரு ராம் வழக்கில், 433ஏ பிரிவு செல்லும், ஆனால் அது குடியரசுத் தலைவர், ஆளுநர் ஆகியோரின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்றில் பதினான்கு ஆண்டு என்ற தடை இருக்கிறது, மற்றதில் இல்லை.

ஆனால் அந்த இரண்டாவது வழி அரசு ஓர் ஆணை போட்டால்தான் திறக்கும். அப்படிப்பட்ட ஆணைகளில் எந்தெந்தக் குற்றங்களுக்குப் பொருந்தாது என்ற நீண்ட பட்டியலும் இருக்கும். அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்குமாறு எந்தக் குடும்பத்துக்கும் நான் சொல்ல மாட்டேன்.

2025 பிப்ரவரி 20, வழக்குரைஞர்

இரண்டு நாள்களுக்கு முன் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்திருக்கிறது. முன்விடுதலைக் கொள்கை வைத்திருக்கும் மாநிலங்கள், தகுதி பெற்ற கைதி விண்ணப்பிக்கும் வரை காத்திருக்கக் கூடாது; தாமாகவே அவரது பெயரைப் பரிசீலனைக்கு எடுக்க வேண்டும். இருந்தாலும் உங்கள் அண்ணன் மே மாதத்தில் ஒரு மனுவைச் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியை வாங்கிக்கொள்வது நல்லது. பின்னால் உயர் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் தாமதத்தைக் காட்டுவதற்கு அது தேவைப்படும்.

2025 மார்ச் 2, இன்னொரு வாசகர்

இதையெல்லாம் படித்துக்கொண்டே வந்தேன். என் தந்தை கொல்லப்பட்டார். குற்றவாளிகளில் ஒருவர் ஆயுள் தண்டனையில் இருக்கிறார். நீங்கள் எல்லோரும் எட்டு மாதம், ஐந்து மாதம் என்று அவர் பக்கத்துக் கணக்கையே போடுகிறீர்கள். அவர் வெளியே வரப்போகிறார் என்றால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்பார்களா?

2025 மார்ச் 2, வழக்குரைஞர்

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். புதிய நடைமுறைச் சட்டத்தில் ரெமிஷன் பற்றிய 473ஆம் பிரிவு, தண்டித்த நீதிமன்றத்தின் நீதிபதியிடம் அரசு கருத்துக் கேட்கலாம் என்கிறது. கொல்லப்பட்டவரின் குடும்பத்தைக் கேட்க வேண்டும் என்று அதில் இல்லை. காவல்துறையும் நன்னடத்தை அலுவலரும் அறிக்கை தயாரிக்கும்போது உங்கள் தரப்பை விசாரிப்பது உண்டு, எல்லா இடங்களிலும் அப்படி நடப்பதாகச் சொல்ல முடியாது. நீங்களே எழுத்து மூலம் உங்கள் ஆட்சேபத்தைச் சிறைத்துறைக்கும் உள்துறைக்கும் அனுப்பலாம். விடுதலை ஆணை சட்டத்துக்கு மாறாக இருந்தால் நீதிமன்றத்துக்கும் போகலாம். தன்னைக் கூட்டு வன்கொடுமை செய்து குடும்பத்தாரைக் கொன்றவர்கள் விடுவிக்கப்பட்டபோது பில்கிஸ் பானு அப்படித்தான் போனார். வழக்கு விசாரிக்கப்பட்டுத் தண்டனை வழங்கப்பட்டது மகாராஷ்டிரத்தில், விடுதலை ஆணை போட்டது குஜராத் அரசு. தண்டனை வழங்கப்பட்ட மாநிலத்தின் அரசுக்குத்தான் அந்த அதிகாரம் என்று சொல்லி 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது.

முன்விடுதலை மனுக்களைப் பல ஆண்டுகளாகக் கைதிகள் தரப்பில்தான் எழுதிவருகிறேன். குடும்பத்தாரின் கருத்தை விதியாகவே சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருக்கிறது. அதே சமயம், அவர்களது சம்மதத்தின்மேல் விடுதலை நிற்கும்படி ஆகிவிட்டால் அச்சுறுத்தலும் பேரமும் நுழைந்துவிடும் என்ற கவலையும் இருக்கிறது. இதில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

2025 மார்ச் 3, ஓய்வுபெற்ற சிறை அலுவலர்

பேரம் பற்றிய கவலை வெறும் ஊகம் அன்று. ஆனாலும் கேட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து. விடுதலையாகிறவர் திரும்பிப் போவது பெரும்பாலும் அதே தெருவுக்கு. அங்கே என்ன நடக்கும் என்பதை அந்தத் தெருவில் இருப்பவர்களைக் கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

2025 ஏப்ரல் 18, மற்றொரு வாசகர்

என் தம்பிக்கும் ஆயுள் தண்டனைதான். உயர் நீதிமன்றத்தில் "இருபத்தைந்து ஆண்டுகள் வரை ரெமிஷன் கிடையாது" என்று எழுதிவிட்டார்கள். மேலே போட்ட கணக்கின்படி பதினான்கு ஆண்டுகளில் மனுப் போடலாம்தானே?

2025 ஏப்ரல் 18, வழக்குரைஞர்

முடியாது. 2008இல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் தொடங்கிய தனி வகைத் தண்டனை அது. மரண தண்டனை மிகையாகவும் பதினான்கு ஆண்டுகளில் விடுதலைக்கு வாய்ப்புள்ள ஆயுள் தண்டனை குறைவாகவும் தோன்றும் வழக்குகளுக்காக அதை உருவாக்கினார்கள். 2015 டிசம்பரில் ஸ்ரீஹரன் வழக்கில் அரசியல் சாசன அமர்வு மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அதை உறுதி செய்தது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே அப்படி விதிக்கலாம், செஷன்ஸ் நீதிமன்றம் விதிக்க முடியாது என்றும் சொன்னது. உங்கள் தம்பிக்கு இருபத்தைந்து ஆண்டுகள்தான் தடை. குடியரசுத் தலைவர், ஆளுநர் ஆகியோரின் அதிகாரம் மட்டும் அதற்குக் கட்டுப்படாமல் இருக்கிறது.

2025 ஜூலை 6, கேள்வி கேட்டவர்

ஐயா, அபராதம் கட்டப்படவே இல்லை என்று நீதிமன்றப் பதிவேட்டில் தெரிந்தது. கட்டிவிட்டோம். அம்மாவின் காரியத்துக்கு வழிக்காவலோடு வந்த இரண்டு நாள்களையும் விடுப்பு என்றே எழுதியிருக்கிறார்கள். அதைத் திருத்தக் கேட்டு அண்ணன் மனு கொடுத்திருக்கிறார். மே மாதம் முன்விடுதலை மனுவும் கொடுத்தாயிற்று. அத்தகைய மனுக்களைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகம் கூடியது. நீதிபதியின் கருத்து "குற்றம் கொடியது, பரிந்துரைக்க இயலாது" என்ற ஒரே வரியில் வந்திருக்கிறதாம். இத்துடன் முடிந்துவிட்டதா?

2025 ஜூலை 6, வழக்குரைஞர்

முடியவில்லை. நீதிபதியின் கருத்தில் காரணங்கள் இருக்க வேண்டும் என்று 2022இல் ராம் சந்தர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எந்தக் காரணங்கள் என்பதை 2000ஆம் ஆண்டின் லட்சுமண் நஸ்கர் வழக்கிலிருந்து எடுக்க வேண்டும்: குற்றம் சமூகத்தைப் பாதிக்காத தனிச்செயலா, மறுபடி நிகழ வாய்ப்பு இருக்கிறதா, குற்றம் செய்யும் ஆற்றலை அவர் இழந்துவிட்டாரா, இனியும் சிறையில் வைத்திருப்பதால் ஏதும் பயன் உண்டா, குடும்பத்தின் நிலை என்ன. குற்றம் கொடியது என்பது தீர்ப்பு நாளிலேயே தெரிந்ததுதான். பதினான்கு ஆண்டுகளில் மனிதர் என்னவாக மாறியிருக்கிறார் என்பதைப் பற்றி அந்த வரி எதுவும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வழக்கில் இதேபோன்ற ஒற்றை வரியை நம்பி நிராகரித்த ஆணையை உயர் நீதிமன்றம் ரத்து செய்து, மறுபடி பரிசீலிக்குமாறு திருப்பி அனுப்பியது. விடுதலை செய் என்று அது சொல்லவில்லை. மறு பரிசீலனையிலும் ஒரு பகுதி மனுக்கள் காரணங்களோடு நிராகரிக்கப்படுவதை நான் பார்க்கிறேன், அதையும் எதிர்பார்த்திருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது, அரசின் ஆணை எழுத்தில் வரும்வரை காத்திருந்து அதன் நகலைப் பெறுவது. 2011 ஆகஸ்டில் நடைமுறையில் இருந்த முன்விடுதலை விதிகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹரியானா அரசுக்கும் ஜகதீஷுக்கும் இடையிலான 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி தண்டனை வழங்கப்பட்ட நாளின் கொள்கையே பொருந்தும். பின்னால் வந்தது அதைவிடச் சாதகமாக இருந்தால் அதன் பலனும் கிடைக்க வேண்டும்.

2025 ஆகஸ்ட் 1, சட்ட மாணவர்

இந்த வாரத் தீர்ப்பைப் பார்த்தீர்களா, ஐயா? ரெமிஷன் இன்றி இருபது ஆண்டுகள் என்று விதிக்கப்பட்டவர், இருபது முடிந்ததும் யாரிடமும் மனுப் போடாமல் வெளியே வரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முன்னே கேட்டவரின் தம்பிக்கும் இது பொருந்துமா?

2025 ஆகஸ்ட் 1, வழக்குரைஞர்

பார்த்தேன். நிதிஷ் கட்டாரா கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டவருடைய மனுவில் ஜூலை 29 அன்று வந்தது. அங்கே தண்டனையே இருபது ஆண்டுகள் என்று வரையறுக்கப்பட்டிருந்தது. அதனால் அது முடிந்ததும் விடுதலை என்றார்கள். தம்பியின் தீர்ப்பில் எழுதியிருப்பதாகச் சொல்வது "இருபத்தைந்து ஆண்டுகள் வரை ரெமிஷன் கிடையாது" என்பது. தண்டனை ஆயுள், அதில் முதல் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ரெமிஷன் இல்லை என்று அதைப் படித்தால், இருபத்தைந்துக்குப் பிறகும் அரசின் ஆணை தேவைப்படும். தண்டனையே இருபத்தைந்து ஆண்டுகள் என்று படித்தால் தேவைப்படாது. தீர்ப்பின் தண்டனைப் பத்தியை அப்படியே இங்கே எடுத்து எழுதச் சொல்லுங்கள். அந்த வாசகத்தைப் பார்க்காமல் நான் எந்தப் பக்கமும் சொல்ல மாட்டேன்.